அறுபதாம் நாளில் நின்றுபோன படங்கள்

கைத்தறிச் சேலை விற்கும் தோழி ஒருவருக்கு நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். இன்ஸ்டாகிராமில் அவர் போடும் படங்களை அது தினமும் இரவு 2 மணிக்கு எடுத்துவந்து கடையின் இணையதளத்தில் வைக்கும். மார்ச் 21 அன்று ஒருவர் போன் செய்து ஒரு மாம்பழ மஞ்சள் சேலையைக் கேட்டார். அது விற்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. தளத்தைத் திறந்து பார்த்தால், மார்ச் 3-க்குப் பிறகு எதுவுமே மாறவில்லை.

பதிவேட்டில் 18 இரவுகளும் ஒரே வரி: பிழை எண் 190. டோக்கன் செல்லாது என்று அதற்குப் பொருள். டோக்கன் என்பது சீசன் டிக்கெட் மாதிரி. பாஸ்வேர்டைக் கொடுக்காமலே நம் கணக்கைப் பார்க்க ஒரு ஸ்கிரிப்டுக்கு அனுமதி தரும் நீண்ட எழுத்துச் சரம். அதற்குக் கெடு உண்டு. இன்ஸ்டாகிராமின் நீண்டகால டோக்கனுக்குக் கெடு 60 நாள். நான் ஜனவரி 2-ல் வாங்கியது மார்ச் 3-ல் காலாவதியானது. தவறு என்னுடையதுதான். பிழை வந்தால் பழைய படங்களையே காட்டும்படி எழுதியிருந்தேன், யாருக்கும் சொல்லும்படி எழுதவில்லை.

இந்த டோக்கனைப் புதுப்பிக்கலாம். ஆனால் அது வாங்கி 24 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், உயிரோடும் இருக்க வேண்டும். கெடு முடிந்துவிட்டால் கணக்குக்காரரே மறுபடி உள்நுழைந்து அனுமதி தர வேண்டும். ஆகவே, கெட்டபின் சரிசெய்துகொள்ளலாம் என்ற வழியே இங்கு இல்லை. நாட்காட்டியில் குறித்துவைக்கலாம்தான், ஆளில்லாமல் நடக்கவேண்டிய வேலை அப்போது ஓர் ஆளின் ஞாபகத்தில் தொங்கும்.

அதனால் புதுப்பிப்பதையும் அதே ஸ்கிரிப்டின் வேலையாக்கினேன். ஒவ்வொரு ஞாயிறு இரவும் படம் எடுப்பதற்கு முன் அது இதைக் கேட்கும்:

```
GET https://graph.instagram.com/refresh_access_token
  ?grant_type=ig_refresh_token
  &access_token=<டோக்கன்>
```

பதிலில் டோக்கனும், `expires_in` என்ற பெயரில் மீதமுள்ள நொடிகளும் வரும். 60 நாள் என்றால் சுமார் 51,84,000. அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும். வாரம் ஒருமுறை என்பதால், ஒரு ஞாயிறு இணையம் அறுந்தாலும் இன்னும் ஏழு ஞாயிறு கையில் இருக்கும். வந்த டோக்கனை முதலில் தனிக் கோப்பில் எழுதி, அதை வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்து, சரியாக வந்தால்தான் பழையதன் இடத்தில் வைக்கிறது. பாதியில் மின்சாரம் போனாலும் பழையது பத்திரம்.

பாஸ்வேர்டை மாற்றினாலோ அனுமதியைத் திரும்பப் பெற்றாலோ டோக்கன் கெடுவுக்கு முன்பே செத்துவிடும். எந்தப் புதுப்பித்தலும் உதவாது. இணையப் பிழை என்றால் ஸ்கிரிப்ட் பத்து நிமிடம் கழித்து மறுபடி முயலும். 190 என்றால் முயல்வதில்லை, உடனே எங்கள் இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பும். கெடு 20 நாளுக்குள் வந்துவிட்டாலும் அனுப்பும். தளத்தின் அடியில் ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று ஒரு தேதியும் வைத்தோம். காலையில் கடை திறந்ததும் தோழி முதலில் பார்ப்பது அதைத்தான்.