அப்பா பெயரில் ஸ்கூட்டர்: மகன் பெயருக்கு மாற்ற மூன்றே மாதம்

ஈஜிபுராவில் நம்மவர் வீட்டில் குடும்பத் தலைவர் காலமானால், வாசலில் நிற்கும் ஸ்கூட்டரைப் பற்றி யாருக்கும் உடனே நினைவு வருவதில்லை. காரியம் முடிந்ததும் மகன் அதில் வேலைக்குப் போகத் தொடங்கிவிடுகிறான். பல ஆண்டுகள் கழித்து விற்கும்போதுதான் ஆர்.சி. இறந்தவர் பெயரில் இருப்பது தெரிகிறது. "29, 30 பாரங்களில் அப்பா கையெழுத்தை நீயே போட்டுவிடு" என்று புரோக்கர் யோசனை சொல்வார். அவை உயிரோடு இருப்பவர் விற்கும்போது தரும் பாரங்கள். இறந்தவர் கையெழுத்தைப் போடுவது மோசடி. சிக்கினால் புரோக்கர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

வாரிசுக்கு உரியது 31-ஆம் எண் பாரம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56-ஆவது விதி இதற்குக் கெடு வைத்திருக்கிறது. மார்ச் 10-ந் தேதி ஒருவர் காலமானார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை வைத்துக்கொள்ளும் மகன், 30 நாளில், அதாவது ஏப்ரல் 9-க்குள், மரணத்தையும் தான் வண்டியை ஓட்டப் போவதையும் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மூன்று மாதம் வரை ஓட்டலாம். அதற்குள் 31-ஆம் பாரத்தையும் கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் அபராதம் கட்டி மாற்றலாம்.

ஆனால் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் தாமதம் ஆபத்து. பாலிசிதாரர் இறந்தபின் பாலிசி மூன்று மாதமே செல்லும். அதற்கு முன்பே காலாவதியானால் அன்றோடு சரி. அதற்குள் வாரிசு பெயருக்கு மாற்றாமல் ஓட்டி, யார் மீதாவது மோதினால், நஷ்டஈடு மகன் தலையில் விழக்கூடும். வண்டியின் விலையைப் போல் பல மடங்காகவும் அது இருக்கலாம்.

பாரத்துடன் மரணச் சான்றிதழ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், கட்டணம் ஆகியவற்றையே விதி கேட்கிறது. நடைமுறையில் விலாசச் சான்றும், புகைச் சான்றும் கேட்பார்கள். வாரிசுகள் பலர் இருந்தால், நாட கச்சேரியில் வாங்கும் வம்சவிருட்சச் சான்றிதழும், "இவர் பெயருக்கு மாற்றச் சம்மதம்" என்று தாயும் உடன்பிறந்தோரும் நோட்டரி முன் எழுதித் தரும் அபிடவிட்டும் வேண்டியிருக்கும். வண்டிக் கடன் பாக்கி இருந்தால் முதலில் கடன் கொடுத்தவரிடம் பேச வேண்டும். தீர்ந்திருந்தால் அவர்களுடைய தடையில்லாச் சான்றும் 35-ஆம் பாரமும் வாங்க வேண்டும்.

நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மரணம் பதிவாவது வசித்த ஊரில் அல்ல, நிகழ்ந்த ஊரில். உடல்நலமில்லாமல் ஊருக்குப் போய்த் தர்மபுரியில் காலமானால், சான்றிதழ் அங்கேதான் கிடைக்கும். காரியத்துக்குப் போயிருக்கும்போதே நாலைந்து பிரதிகள் வாங்கி வருவது நல்லது. அதில் உள்ள பெயரும் இனிஷியலும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். "முருகேசன்" என்பது ஒன்றில் "முருகேஷ்" என்றிருந்தால் கவுண்டரில் மனு திரும்பும்.

2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயரைச் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்திருந்தால் நாமினி பெயருக்கே வண்டி மாறும். ஆனால் அவருக்கும் அதே 30 நாள், அதே மூன்று மாதம்தான்.