கொலஸ்ட்ரால் ‘நார்மல்’... கழுத்து ரத்தக்குழாயில் 40% அடைப்பு: மாத்திரை அவசியமா?

58 வயது ஆண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது வலது கையிலிருந்து டீ டம்ளர் நழுவுகிறது. மனைவி கேட்பதற்குப் பதில் சொல்லப் பார்த்தால் வார்த்தை குழறுகிறது. பத்தே நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. “அதான் சரியாகிடுச்சே, எதுக்கு ஆஸ்பத்திரி?” என்கிறார்.

இதுதான் மினி ஸ்ட்ரோக். மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைபட்டு, தானாகத் திரும்பியிருக்கிறது. இதற்கு அடுத்த சில நாட்களில்தான் முழு பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம். அதனால் சரியாகிவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஸ்கேனில் என்ன தெரிந்தது?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் ரத்தக்குழாய்கள் கழுத்தின் இரு பக்கமும் இருக்கின்றன. டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் அவருக்கு இடது கரோட்டிட்டில் 40% அடைப்பு. இடது மூளைதான் வலது கையை இயக்குகிறது. பெரும்பாலானோருக்குப் பேச்சும் அந்தப் பக்கம்தான். இதயத் துடிப்பில் கோளாறு இல்லை. ஆக, அறிகுறியும் அடைப்பும் பொருந்துகின்றன.

ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் 118. ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி எதுவும் இல்லை. ஆனாலும் டாக்டர் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அடோர்வாஸ்டாட்டின் 80 மி.கி. எழுதுகிறார். நார்மலா இருக்கும்போது எதுக்கு மாத்திரை என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

40% அடைப்பு எப்படி ஆபத்து?

குழாய் முழுசாக மூடினால்தான் ஸ்ட்ரோக் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். குழாய்ச் சுவருக்குள் கொழுப்பு சேர்ந்து உருவாகும் படிவின் மேல் மெல்லிய மூடி போல ஒரு படலம் இருக்கும். அது கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறையும். உறைந்த துணுக்கு பிய்ந்து போய் மூளையின் சின்னக் குழாயை அடைக்கும். பாதிக்கும் குறைவான அடைப்பிலும் இது நடக்கலாம்.

ஸ்டாட்டின் இந்தப் படிவைக் கரைத்து எடுத்துவிடாது. உள்ளே இருக்கும் கொழுப்பையும் அழற்சியையும் குறைத்து, மேல் படலத்தை உறுதியாக்குகிறது. அதனால் அடுத்த ஸ்கேனிலும் 40% என்றே வந்தால், மாத்திரை வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்?

லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் ‘நார்மல்’ பொதுவானவர்களுக்கானது. இவருக்கான இலக்கு 70-க்குக் கீழ். பிரான்ஸ், தென்கொரியாவில் இவரைப் போன்ற 2,860 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-ல் வெளியானது. எல்.டி.எல். அளவை 90 முதல் 110 வரை வைத்திருந்தவர்களில் 10.9% பேருக்கு ஸ்ட்ரோக், மாரடைப்பு போன்ற பாதிப்புகள் வந்தன. 70-க்குக் கீழ் இலக்கு வைத்தவர்களில் அது 8.5%. அதிசயம் இல்லை, ஆனால் உண்மையான பலன்.

80 மி.கி. அடோர்வாஸ்டாட்டின் எல்.டி.எல்.-ஐ ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். 118 என்பது 60-க்குப் பக்கத்தில் வரலாம். 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். இலக்கு எட்டவில்லை என்றால் எஸிட்டிமைப் என்ற மாத்திரையைச் சேர்ப்பார்கள்.

ஆபரேஷன் வேண்டாமா?

50%-க்குக் குறைவான அடைப்பில் ஆபரேஷனால் பலன் இல்லை. அறிகுறி வந்து, அடைப்பு 70%-க்கு மேல் இருந்தால் பலன் அதிகம். அதையும் இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் முழுப் பயன்.

யாருக்கு இது பொருந்தாது?

எல்லா ஸ்ட்ரோக்கும் கொழுப்பால் வருவதில்லை. இதயம் தாறுமாறாகத் துடிப்பதால் உறைகட்டி உருவாகி ஸ்ட்ரோக் வந்தவருக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துதான் முதல் தேவை. மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்கு ஸ்டாட்டின் கொடுப்பதை டாக்டர்கள் யோசித்தே முடிவு செய்வார்கள். 2006-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 80 மி.கி. எடுத்தவர்களுக்கு மொத்த ஸ்ட்ரோக் குறைந்தது. ஆனால் ரத்தக்கசிவு மட்டும் சற்றுக் கூடியிருந்தது.

எந்த அறிகுறியும் இல்லாதவர்கள், ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று கழுத்து ஸ்கேன் எடுப்பதை அமெரிக்க நோய்த் தடுப்புப் பணிக்குழு பரிந்துரைக்கவில்லை.

எங்கே தவறு நடக்கிறது?

மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டில் 60 என்று வந்ததும், “குறைஞ்சிடுச்சு, போதும்” என்று நிறுத்திவிடுவதுதான். அளவு குறைந்தது மாத்திரையால். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். தசை வலி வந்தாலும் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். சிறுநீர் அடர் பழுப்பாகப் போனால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.