சிவப்பு விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது?

ரிமோட்டை அழுத்தினால் டிவி வருவதில்லை. கீழே உள்ள சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டுச் சிமிட்டுகிறது. பார்த்ததுமே ‘பவர் போர்டு போச்சு’ என்பார்கள். ஆனால் அடியோடு செத்துப்போன பவர் போர்டு விளக்கையே எரிய விடாது. சிமிட்டுகிறது என்றால் ஸ்டாண்ட்பைக்கு வேண்டிய சிறு மின்சாரம் வருகிறது. மெயின் போர்டும் விழித்துக்கொண்டு, எங்கோ கோளாறு என்று சொல்லப் பார்க்கிறது.

முதலில் எண்ணுங்கள். சில சிமிட்டல், ஒரு இடைவெளி, மறுபடி அதே எண்ணிக்கை. செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் குழப்பம் வராது. சோனி பிராவியா டிவிகள் பலவற்றில் ஆறு சிமிட்டல் என்றால் திரைக்குப் பின்னால் உள்ள பேக்லைட்டில் கோளாறு. அதே ஆறு வேறு கம்பெனி டிவியில் வேறு எதையாவது குறிக்கலாம். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் விட்டு, பென்டிரைவ், எச்.டி.எம்.ஐ. கேபிள்களையும் கழற்றிவிட்டுப் போட்டால் சில நேரம் டிவி தானாகவே வந்துவிடும்.

வராவிட்டால் மெக்கானிக் வேலை. பின்மூடிக்குள், பிளக் ஒயர் போய்ச் சேருவதுதான் பவர் போர்டு. அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் நிற்கலாம். பழக்கமில்லாதவர் கை வைக்கக்கூடாது.

32 அங்குல டிவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மீட்டரில் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் சரியாக இருக்கிறது. ரிமோட்டை அழுத்தியதும் மெயின் போர்டு ‘முழுதாக எழு’ என்று பவர் போர்டுக்கு உத்தரவு அனுப்பும். அப்போது இன்னொரு முனையில் 12 வோல்ட் வந்து நிலைக்க வேண்டும். இதிலோ 8, 9 வரை ஏறித் தடுமாறி விழுகிறது. உடனே விளக்கு சிமிட்டத் தொடங்குகிறது. அந்த வரிசையில் உள்ள கெப்பாசிட்டர்களைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டின் தலை தட்டையாக இல்லை, ஆப்பம் மாதிரி உப்பியிருக்கிறது. வருஷக்கணக்கான சூட்டில் உள்ளே இருந்த திரவம் வாயுவாகி அழுத்தம் கூடியதன் விளைவு. அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அளவு குறையாதது, 105 டிகிரி தாங்குவது எனப் பார்த்து மாற்றினால் போதும். புது போர்டு வேண்டியதில்லை.

கெப்பாசிட்டர் நன்றாக இருந்தும் 12 வோல்ட் விழுந்தால்? பவர் போர்டு பழியைச் சுமக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மெயின் போர்டுக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் போர்டைத் தனியாக எழுப்பிப் பார்ப்பார்கள். தனியாக இருக்கும்போது 12 வோல்ட் ஆடாமல் நின்றால், பெரும்பாலும் மெயின் போர்டில் எங்கோ ஷார்ட். அதுதான் இழுத்துக் கீழே தள்ளுகிறது. இந்தச் சோதனை செய்யாமல் புது பவர் போர்டு மாட்டினால் பழைய சிமிட்டலே தொடரும்.

போர்டு மாற்றியே ஆக வேண்டுமென்றால், டிவியின் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை போர்டு வருவதுண்டு. போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள்.