‘கையுறை அணியவும்’ என்று எழுதினால் போதுமா?

கல்லூரி வேதியியல் பிராஜெக்ட் ரிப்போர்ட் எதைப் புரட்டினாலும், ‘பாதுகாப்பும் இடர் மதிப்பீடும்’ என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் அதே நாலு வரிதான் இருக்கும்: அடர் அமிலம் ஆபத்தானது, கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றும், கையுறையும் கண்ணாடியும் அணியவும், கவனமாகக் கையாளவும். எதுவும் பொய்யில்லை. ஆனால் அதை வைத்து, செய்த சோதனை எது என்று கண்டுபிடிக்க முடியாது.

வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட் தயாரிப்பை எடுத்துக்கொள்வோம். பி.எஸ்சி. லேபில் பழக்கமான சோதனை. 15 மி.லி. ஐசோஅமைல் ஆல்கஹால், 20 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம், வினையை விரைவுபடுத்த 4 மி.லி. அடர் கந்தக அமிலம். கண்டென்சர் பொருத்தி ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும்.

எழுத உட்காருபவர் முதலில் ‘அமிலங்கள்’, ‘தீப்பற்றுபவை’ என்று இரண்டு பட்டியல் போடுவார். அசிட்டிக் அமிலம் எந்தப் பட்டியலில் வரும்? இரண்டிலும். அதன் பாதுகாப்புத் தகவல் தாளில் H314 (கடுமையான தீப்புண்), H226 (தீப்பற்றும் திரவமும் ஆவியும்) இரண்டும் உண்டு. சுமார் 39 டிகிரி செல்சியஸிலேயே அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மின்விசிறி மட்டும் சுழலும் லேபில், மே மாத மதியத்தில், அந்தச் சூடு அடுப்பில்லாமலே வந்துவிடும். ‘அமிலம்தானே’ என்று இதை நைட்ரிக் அமிலத்தின் பக்கத்தில் அடுக்குவது பெரிய தவறு. நைட்ரிக் அமிலம் எரிபொருளுக்கு ஆக்ஸிஜன் ஊட்டும் ரகம்.

அதனால் பொருள்வாரியாக எழுதாமல், வேலை நடக்கும் வரிசையில் எழுதுவதே சரி. கொதிக்கவிடும் கட்டத்துக்கு இப்படி எழுதலாம்: “கண்டென்சரில் தண்ணீர் நின்றால் ஆவி குளிராமல் மேல்வழியே வெளியேறும். அது காற்றைவிடக் கனமானது. மேஜையோடு ஊர்ந்து பக்கத்து பர்னரைத் தொடலாம். ஆகவே பர்னர் இல்லை, ஹீட்டிங் மேன்டில். ஃப்யூம் ஹூடுக்குள் வேலை. தொடங்குமுன் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்போம். ஒருவர் அருகிலேயே இருப்பார். தண்ணீர் நின்றால் முதலில் மேன்டிலை அணைப்பார்.” தொட்டி காலியாவது நம் கல்லூரிகளில் அதிசயமா என்ன? ஆனாலும் எந்த ரிப்போர்ட்டிலும் அது இருக்காது.

அடுத்து, மீதமுள்ள அமிலத்தைப் போக்க சோடியம் பைகார்பனேட் கரைசலால் கழுவும் கட்டம். கார்பன் டை ஆக்ஸைடு பொங்கும். பிரிபுனலை மூடிக் குலுக்கினால் அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும், அமிலமும் தெறிக்கும். முதலில் மூடாமல் சுழற்றி, நுரை அடங்கிய பின் மூடி, அடிக்கடி குழாயைத் திறந்து வாயுவை விட வேண்டும்.

கையுறையையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். லேபில் தாராளமாகக் கிடைக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறை சின்னத் தெறிப்பைத் தாங்கும். அடர் கந்தக அமிலத்தில் அது கெட்டுப்போகும், அசிட்டோன் அதனூடே சீக்கிரம் ஊடுருவிவிடும். எனவே “பட்டவுடன் கழற்றி, கையைக் கழுவி, வேறு அணிவோம்” என்ற வரி அவசியம்.

பல கல்லூரிகளில் வாய்ப்பு, பாதிப்பு இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்கச் சொல்வார்கள். ‘கையுறை போட்டோம்’ என்றதும் பலர் இரண்டையுமே குறைத்துவிடுகிறார்கள். கையுறையால் அமிலத்தின் வீரியம் குறையாது. கையில் படும் வாய்ப்புதான் குறையும். பாதிப்பைக் குறைக்க அளவைக் குறைக்க வேண்டும். 15 மி.லி.க்குப் பதில் 5 மி.லி. ஆல்கஹாலில் தொடங்கி, மற்றவற்றையும் அதே விகிதத்தில் குறைத்தால் சோதனையும் நடக்கும், தீப்பிடித்தாலும் எரியும் பொருள் மூன்றில் ஒரு பங்குதான்.

எல்லாரும் விட்டுவிடும் கட்டம் கடைசியில் வருகிறது. குடுவையை அசிட்டோனால் அலசி, பொதுக் கழிவுப் புட்டியில் ஊற்றி, மூடியை இறுக்குவார்கள். உங்கள் சோதனையில் நைட்ரிக் அமிலம் இல்லாமல் இருக்கலாம். பக்கத்து மேஜைக்காரர் அதே புட்டியில் அதை ஊற்றியிருந்தால்? அடர் நைட்ரிக் அமிலமும் அசிட்டோனோ எத்தனாலோ சேர்ந்தால் சூடும் வாயுவும் கிளம்பும். சில சமயம் உடனே ஒன்றும் தெரியாது; லேபைப் பூட்டிச் சென்ற பிறகு புட்டி வெடிக்கும். பழுப்புப் புகையோ, புட்டிச் சுவரில் சூடோ தெரிந்தால் தொடாமல் எல்லாரும் வெளியேற வேண்டும்.

ரிப்போர்ட் எழுதும் மாணவர்களுக்கு ஒன்று: இந்தப் பகுதியைச் சோதனைக்கு முன்பே எழுதித் தேதி போட்டு ஆசிரியரிடம் காட்டுங்கள். அதில் கழிவு எந்தப் புட்டிக்குப் போகிறது, அந்தப் புட்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்ற இரண்டும் இல்லாவிட்டால் அடுப்பைப் போடாதீர்கள்.