மதிப்பெண்ணுக்குப் பின்னால் – 9: ஐந்தாம் கேள்வி செய்த வேலை

ஒரு கேள்விக்குச் சரியாக விடையளித்தவர்களின் பங்கு p, தவறவிட்டவர்களின் பங்கு q. இரண்டையும் பெருக்கினால் அந்தக் கேள்வியின் சிதறல் வரும். சென்ற வாரம் இதோடு நிறுத்தினோம், இனி மேலே போகலாம்.

ஒரு வினாத்தாளின் கேள்விகள் எல்லாம் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று, அந்த ஒரே தேர்வின் விடைகளை வைத்தே கண்டுபிடிக்க முடியும். கூடர், ரிச்சர்ட்சன் என்ற இருவர் 1937-இல் 'சைக்கோமெட்ரிகா' இதழில் இதற்கு வழி சொன்னார்கள். அவர்கள் கட்டுரையில் அது இருபதாவது சமன்பாடு. அதனால் இன்றும் அதன் பெயர் கே.ஆர்-20 தான். பகுதி மதிப்பெண் தரும் கேள்விகளுக்கும் பொருந்துகிற பொது வடிவம்தான் 1951-இல் க்ரோன்பாக் எழுதிய ஆல்ஃபா.

```
KR-20 = k/(k-1) × (1 - Σpq / மொத்த மதிப்பெண்ணின் சிதறல்)
```

k என்பது கேள்விகளின் எண்ணிக்கை. பத்தாம் வகுப்பில் 'விலக்க வர்க்கச் சராசரி' என்று படித்தோமே, அதைத்தான் இங்கே சிதறல் என்கிறேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத கேள்விகளைச் சேர்த்தால், மொத்த மதிப்பெண்ணின் சிதறல் தனிச் சிதறல்களின் கூட்டுத்தொகையைத் தாண்டாது. விடை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஒரு கேள்வியில் வென்றவரே மற்றவற்றிலும் வென்றால் மொத்தச் சிதறல் பெருகும், எண் 1-ஐ நோக்கி ஏறும்.

கையால் போட்டுப் பார்க்கச் சிறிய உதாரணம் ஒன்று வைத்துக்கொள்வோம். சரியா, தவறா என்று கேட்கும் ஐந்து அறிவியல் கேள்விகள், எழுதியவர்கள் ஆறு பேர். முதல் கேள்வியை ஐந்து பேரும், இரண்டாவதை நான்கு பேரும், மூன்றாவதை மூன்று பேரும், நான்காவதை இரண்டு பேரும் சரியாக எழுதினார்கள். இந்த நான்கிலும் சேர்த்து அவர்கள் வாங்கியது 4, 4, 3, 2, 1, 0. ஐந்தாம் கேள்வி: 'உப்பு கரைத்தால் நீரின் கொதிநிலை உயரும்.' இது சரியான கூற்று. விடைக்குறிப்பிலோ 'தவறு' என்று இருக்கிறது. அதன்படி திருத்தியபோது முதல் மூவருக்கும் பூஜ்யம், கடைசி மூவருக்கும் ஆளுக்கு ஒரு மதிப்பெண். மொத்தம் 4, 4, 3, 3, 2, 1 ஆனது.

pq-க்களின் கூட்டுத்தொகை 1.083. மொத்தச் சிதறல் 1.139. கே.ஆர்-20 வெறும் 0.06.

இப்போது விடைக்குறிப்பைத் திருத்துங்கள். மதிப்பெண்கள் 5, 5, 4, 2, 1, 0 ஆகின்றன. ஐந்தாம் கேள்வியில் p-யும் q-வும் இடம் மாறிக்கொள்கின்றன. பெருக்கல் பலனோ மாறுவதில்லை. ஆகவே 1.083 அப்படியே நிற்கிறது. பாதிப் பேர் சரி, பாதிப் பேர் தவறு என்பதால் வகுப்புச் சராசரியும் அதே 2.83. சராசரியை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. மாறியது மொத்தச் சிதறல் ஒன்றுதான். 1.139 இப்போது 3.806 ஆகிவிட்டது. கே.ஆர்-20 0.89-க்குத் தாவுகிறது. சராசரியும் கேள்வியின் கடினமும் காட்டிக்கொடுக்காத பிழையை இந்த ஒற்றை எண் காட்டிக்கொடுக்கிறது என்பதில் இந்த வாரம் முழுக்க எனக்கு வியப்புத் தீரவில்லை. இப்படித் தலைகீழான கேள்விகள் இன்னும் சில சேர்ந்தால் எண் பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும்.

எண் தாழ்ந்தது எந்தக் கேள்வியால் என்று அந்த எண் சொல்லாது. அதற்கு ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, அதைச் சரியாக எழுதியவர்களும் தவறவிட்டவர்களும் மற்றக் கேள்விகளில் வாங்கிய சராசரியை ஒப்பிட வேண்டும். பழைய விடைக்குறிப்பின்படி ஐந்தாம் கேள்வியில் வென்றவர்களின் சராசரி 1, தோற்றவர்களுடையது 3.67. பிழை எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது. ஒப்பிடும்போது அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணைக் கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் அது தனக்குத் தானே முட்டுக்கொடுத்துக்கொள்ளும்.

தாழ்ந்த எண் வந்தால் உடனே கேள்விகளைப் பழிக்கவும் கூடாது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் சரியாக விடையளித்த வகுப்பில் சிதறலே இராது, கணக்கே ஓடாது. கிட்டத்தட்ட எல்லோரும் தேறிய வகுப்பிலும் எண் தாழ்ந்துதான் வரும். வரலாற்றையும் கணக்கையும் ஒரே தாளில் கலந்தாலும் அப்படியே. கேள்விகள் குறைவாக இருப்பதும் ஒரு காரணம். பத்துக் கேள்வித் தாளுக்கு 0.50 வந்தால், அதே தரத்தில் இன்னும் பத்துக் கேள்விகளைச் சேர்க்கும்போது 0.67 எதிர்பார்க்கலாம். ஆறு பேரை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. ஒரு விடைத்தாள் கூடினாலும் குறைந்தாலும் எண் ஆட்டம் காணும்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளைப் பற்றி இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அவற்றில் விடைக்குறிப்பைத் திருத்தினால் p-யும் q-வும் இவ்வளவு ஒழுங்காக இடம் மாறாது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் மொத்தமாகப் போய் விழும் தவறான விடை எது என்பதைத் தனியே எண்ண வேண்டும். அந்தக் கணக்கு அடுத்த வாரம்.