கப்பிக் கணக்கு: தாளை ஒப்படைக்கும் முன்

தேர்வு முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. ஆறாம் படிவ இயற்பியல் தாளில் கப்பிக் கணக்கைப் போட்டுவிட்டீர்கள். 2 கிலோகிராம் பொருண்மையும் 10 சென்டிமீட்டர் ஆரமும் கொண்ட வட்டத் தட்டுதான் கப்பி. அதில் சுற்றிய கயிற்றின் நுனியில் 3 கிலோகிராம் எடைக்கல் தொங்குகிறது. கயிறு நழுவாது, அச்சில் உராய்வு இல்லை. கல் எந்த முடுக்கத்தோடு இறங்கும்?

உங்கள் விடை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

a = 2mg/M = 29.4 m s⁻²

(m கல்லின் பொருண்மை, M கப்பியின் பொருண்மை.)

முதலில் அலகைப் பாருங்கள். மேலும் கீழும் உள்ள கிலோகிராம் நீங்கிவிடுகிறது. மிஞ்சுவது g-யின் அலகு, அதாவது முடுக்கத்தின் அலகு. விடை தப்பித்துவிட்டது! கீழே m + ½MR² என்று எழுதியிருந்தால் இங்கேயே மாட்டியிருப்பீர்கள். கிலோகிராமோடு kg m² கூட்ட முடியாது.

அடுத்து, கப்பியின் பொருண்மையை மனத்தில் குறைத்துக்கொண்டே போங்கள். M பூஜ்ஜியத்தை நெருங்கினால் உங்கள் விடை எல்லையில்லாமல் வளர்கிறது. ஆனால், சுழற்றுவதற்குக் கப்பியே இல்லாததுபோல் ஆனால் கல் சும்மா விழும். முடுக்கம் g-யைத் தாண்டாது. 29.4 என்ற எண்ணே 9.81-ஐப் போல் மூன்று மடங்கு. பிழை எங்கே? கயிற்றின் இழுவிசையை mg என்று எடுத்துவிட்டீர்கள். இழுவிசை mg ஆக இருந்தால் கல் முடுக்கமே பெறாது. பலர் தவறுவது இந்த ஒரு வரியில்தான்.

திருத்துவோம். கல்லுக்கு mg − T = ma. கப்பிக்கு TR = Iα. இதில் I = ½MR², α = a/R; ஆகவே T = ½Ma.

a = mg/(m + ½M) = 7.36 m s⁻²

இப்போது M பூஜ்ஜியமானால் g கிடைக்கிறது. M மிகப் பெரிதானால் கல் அசைவதே இல்லை.

ஆனால் I = MR² என்று எழுதியிருந்தால்? விடை mg/(m + M), அதாவது 5.89. அலகும் சரி, இரண்டு எல்லைகளும் சரி. இங்கேதான் நேர்கோட்டு இயக்கம் கைகொடுக்கும். கப்பியை எடுத்துவிட்டு, வழுவழுப்பான மேசைமேல் ஒரு கட்டையை அந்தக் கல் இழுப்பதாக நினையுங்கள். கட்டையின் பொருண்மை I/R² ஆக இருந்தால் முடுக்கம் மாறாது. முழுப் பொருண்மையும் சைக்கிள் சக்கரத்தின் வளையம்போல் விளிம்பில் இருந்தால் மட்டுமே அது M-க்குச் சமம். தட்டில் மையத்துக்கு அருகிலும் பொருள் இருப்பதால் M-ஐவிடக் குறைவாகத்தான் இருக்கவேண்டும். சரியாக M வந்தால், வளையத்தின் சூத்திரத்தை எழுதியிருக்கிறீர்கள்.

கோண முடுக்கத்தையும் கேட்டிருந்தால் 7.36-ஐ 0.10-ஆல் வகுக்கவேண்டும், 10-ஆல் அல்ல: 73.6 rad s⁻². ரேடியனுக்குப் பரிமாணம் இல்லை. ஆகவே, எத்தனை சுற்று என்று கேட்ட இடத்தில் 2π-ஆல் வகுக்க மறந்தால், அலகுச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்குக் கேள்வியைத்தான் மறுபடி வாசிக்கவேண்டும்.