என்ஆர்ஓ ஸ்டேட்மென்ட்: அடியில் இருக்கும் தொகை முழுவதையும் அனுப்பலாமா?

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் ஊரில் உள்ள வங்கியில் என்ஆர்ஓ வைப்பாக 5 லட்சம் ரூபாய் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7 சதவீத வட்டி, காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேரும். வைப்பு ரசீதில் முதிர்வுத் தொகை 5,35,929 ரூபாய் என்று இருக்கும். ஓராண்டு கழித்துக் கைக்கு வருவதோ சுமார் 5,24,518 ரூபாய். வங்கி ஏமாற்றிவிட்டதா?

இல்லை. முதல் காலாண்டு வட்டி 8,750 ரூபாய். என்ஆர்ஓ வட்டிக்கு வரிப்பிடித்தம் 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். எனவே 2,730 ரூபாய் வரியாகப் போய், மீதி 6,020 ரூபாய்தான் அசலோடு சேரும். அடுத்த காலாண்டுக்கு வட்டி 5,06,020 ரூபாய்க்கு மட்டுமே. ரசீதில் அச்சிட்ட தொகையில் இந்தக் கழிவு கணக்கில் வராது.

ஸ்டேட்மென்டில் முதலில் பார்க்க வேண்டியது இந்த விகிதத்தைத்தான். பிடித்த வரியை வட்டியால் வகுத்துப் பாருங்கள். 10 சதவீதம் வந்தால் மகிழ வேண்டாம். அது உள்நாட்டில் வசிப்பவருக்கான விகிதம். வெளிநாடு போன பிறகும் உங்கள் கணக்கு வங்கிப் பதிவில் மாறவில்லை என்று அர்த்தம். அமீரகத்தில் வசிப்பவர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி 12.5 சதவீதமே கொடுத்தால் போதும். அந்த 8,750 ரூபாய்க்கு 1,094 ரூபாய்தான் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அந்நாட்டு வரி வசிப்பிடச் சான்றிதழை வங்கியிடம் கொடுத்திருந்தால்தான் இந்தச் சலுகை. சான்றிதழ் காலாவதியானால் மறுபடி 31.2 சதவீதம்தான். கூடுதலாகப் போனதை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும். அதற்கு, பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வரித் துறை இணையதளத்தில் சரிபார்ப்பது அவசியம். ஸ்டேட்மென்டில் இருந்து அங்கே இல்லையென்றால் வங்கியைத்தான் கேட்க வேண்டும்.

இனி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை. வரி போக மிஞ்சிய வட்டியையும் வாடகையையும் ஓய்வூதியத்தையும் உச்சவரம்பு இல்லாமல் அனுப்பலாம். 5 லட்சம் அசல் அப்படியல்ல. அது ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற வரம்புக்குள் வரும். எத்தனை வங்கிகளில் கணக்கு இருந்தாலும் எல்லாம் சேர்த்து ஒரே வரம்புதான். என்ஆர்இ கணக்குக்கு மாற்றினாலும் இதில் கழியும். கடன் வாங்கிப் போட்ட பணமும், இன்னொருவரின் என்ஆர்ஓ கணக்கிலிருந்து வந்த பணமும் இந்த வழியில் போகாது.

ஸ்டேட்மென்டின் அடியில் உள்ள ஒற்றைத் தொகை இவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வரவும் எங்கிருந்து வந்தது என்று நீங்களே குறித்துவைத்து, வரி கட்டிய சான்றோடு ஆடிட்டரிடம் கொடுங்கள்.